பில்லில் இல்லாத தேதி

புது இயந்திரம் ஒன்று பட்டறைக்கு வந்து இறங்கினால் அதன் பில் கணக்குப் பிரிவுக்குப் போய் கோப்பில் சேர்ந்துவிடும். மார்ச் முடிந்து ஆடிட்டர் "நிலைச் சொத்துப் பதிவேட்டைக் கொடுங்கள்" என்று கேட்கும்போதுதான் அதை மறுபடி தேடுவார்கள். பதிவேடு இருக்காது, பில்கள் மட்டும் இருக்கும். உடனே ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பில்லாகப் பார்த்து, பில் தேதியை ஒரு பத்தியிலும் பில்லின் அடியில் உள்ள மொத்தத் தொகையை இன்னொரு பத்தியிலும் எக்ஸெல்லில் ஏற்றுவார். மூன்றாவது பத்தியில் எல்லாவற்றுக்கும் 15 ஆண்டு என்று ஆயுள் விழும். ஒரே மாலையில் பதிவேடு தயார். ஆனால் அந்த மூன்று பத்திகளும் தவறாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இது வெறும் கணக்காளர் சங்கதி இல்லை. தேய்மானத்தைக் கழித்த பிறகுதான் லாபம் எவ்வளவு என்று தெரியும், அந்த லாபத்தின் மீதுதான் வரி. தேய்மானம் என்பது இயந்திரம் வாங்கிய நிறுவனத்துக்குச் சட்டம் தரும் உரிமை. அந்த உரிமை சரியான தேதி, சரியான விலை, சரியான ஆயுள் என்ற மூன்றின் மேல் நிற்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை எந்தச் சொத்துக்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்று சொல்கிறது. நிறுவனம் தன் சொத்துகளின் எண்ணிக்கை, இருக்குமிடம் உட்பட முழு விவரங்களையும் பதிவேட்டில் வைத்திருக்கிறதா, அவற்றை அவ்வப்போது நேரில் சரிபார்க்கிறதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுத வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் 'காரோ' ஆணை. சிறு நிறுவனங்களுக்கு அந்த ஆணையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் தேய்மானத்தைச் சரியாகப் போடும் கடமையிலிருந்து எந்த நிறுவனத்துக்கும் விலக்கு இல்லை.

ஓர் உதாரணத்தை எடுத்து முழுதாகப் பார்ப்போம். கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் ஒரு சி.என்.சி. லேத் வாங்குகிறது. விற்றவர் கொடுத்த பில்லின் தேதி செப்டம்பர் 20. பில்லில் ஆறு வரிகள் இருக்கின்றன. இயந்திரம் 22,00,000 ரூபாய், அதோடு வேலை செய்யத் தேவையான சக்கும் டூல் ஹோல்டர்களும் 1,20,000, கட்டிங் இன்சர்ட்டுகள் 35,000, நிறுவி ஓட்டிக் காட்டும் கட்டணம் 40,000, ஆபரேட்டருக்குப் பயிற்சி 15,000, உத்தரவாதக் காலம் முடிந்த பின் மூன்றாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் 60,000. கூட்டினால் 24,70,000. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 4,44,600. அடியில் தடித்த எழுத்தில் 29,14,600.

அவசரத்தில் பில் பார்ப்பவர் கண் போவது அந்தத் தடித்த எழுத்துக்குத்தான். ஸ்கேன் செய்து தரவை எடுக்கும் மென்பொருளும் பெரும்பாலும் அதையே முதலில் எடுத்துக் கொடுக்கும். ஆனால் பதிவேட்டில் ஏற வேண்டிய விலை அது இல்லை.

ஜி.எஸ்.டி. 4,44,600 ரூபாய்க்கு நிறுவனம் இன்புட் கிரெடிட் எடுத்துவிட்டது. திரும்பக் கிடைத்த பணம் இயந்திரத்தின் விலை ஆகாது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16(3) பிரிவு இதை நேரடியாகவே சொல்கிறது: வரித் தொகையையும் சேர்த்து வருமான வரியில் தேய்மானம் கோரினால் அந்த வரிக்கு இன்புட் கிரெடிட் கிடையாது. பதிவேட்டில் 29,14,600 என்று போட்டு அதன் மேல் தேய்மானமும் கோரி, ஜி.எஸ்.டி. கணக்கில் கிரெடிட்டும் எடுத்திருந்தால் எடுத்த கிரெடிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். அதைப் பயன்படுத்தியும் விட்டிருந்தால் ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டியும் சேரும். தெரியாமல் செய்த தவறு என்று சொல்லி வட்டியிலிருந்து தப்ப முடியாது. இதே பில் ஒரு காருக்கானதாக இருந்தால் கணக்கு வேறு. நிறுவனத்தின் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் சாதாரணக் காருக்கு இன்புட் கிரெடிட் கிடையாது, அதனால் ஜி.எஸ்.டி.யும் விலையோடு சேர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பில்லிலும் முதலில் கேட்க வேண்டியது வரி எவ்வளவு என்பதை அல்ல, அந்த வரிக்குக் கிரெடிட் எடுத்தோமா என்பதை.

அடுத்து, பில்லிலேயே சொத்தில் சேராத வரிகள் இருக்கின்றன. கட்டிங் இன்சர்ட்டுகள் தேயத் தேய மாற்றும் பொருள்கள், அவை செலவு. பயிற்சிக் கட்டணத்தைச் சொத்து விலையில் சேர்க்கக் கூடாது என்று கணக்கியல் தரநிலை 10 தெளிவாகவே சொல்கிறது. பராமரிப்பு ஒப்பந்தம் முன்கூட்டிக் கட்டிய பணம், அது எந்த ஆண்டுகளுக்கோ அந்த ஆண்டுகளில் செலவாகும். இந்த மூன்றையும் ஜி.எஸ்.டி.யையும் கழித்தால் இந்தப் பில்லிலிருந்து சொத்தாக ஏறுவது 23,60,000 மட்டுமே.

விலை அதோடு முடிந்துவிடவில்லை. இயந்திரத்தைக் கொண்டுவந்த லாரி வாடகை 28,000 வேறு பில். இறக்கிவைத்த கிரேனுக்கு 12,000 இன்னொரு பில். அதிர்வு தாங்க கான்கிரீட் அடித்தளம் போட்டதற்கு 1,00,000. இயந்திரத்தை அதன் இடத்தில், ஓடும் நிலையில் கொண்டுவந்து நிறுத்தும் வரை ஆகும் நேரடிச் செலவுகள் எல்லாம் விலையில் சேரும். ஆக சரியான விலை 25,00,000. ஆனால் டேலியில் போய்ப் பார்த்தால் லாரி வாடகை 'வண்டிக்கூலி' கணக்கிலும், கிரேன் 'இதர செலவு' கணக்கிலும், கான்கிரீட் 'கட்டிடப் பழுதுபார்ப்பு' கணக்கிலும் போயிருக்கும். பில் எடுக்கும் வேலையில் நிஜமான உழைப்பு இங்கேதான். இயந்திரம் வந்த தேதிக்கு ஒரு மாதம் முன்பும் இரண்டு மாதம் பின்பும் இந்த மூன்று நான்கு செலவுக் கணக்குகளை வரிவரியாகப் படித்தால் விட்டுப்போனவை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அந்த ஒரு லட்சத்துக்குள் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அடித்தளம் போட்ட கொத்தனாருக்கு ஒரே நாளில் 18,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார்கள். சொத்துக்காக ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தச் செலவு வருமான வரிக் கணக்கில் சொத்தின் விலையில் சேராது. கம்பெனிக் கணக்கில் சேரும். எனவே ஒரே லேத்துக்குக் கம்பெனிக் கணக்கில் விலை 25,00,000, வருமான வரிக்கு 24,82,000. பதிவேட்டில் விலைக்கு இரண்டு பத்தி வேண்டும் என்பது இதனால்தான். பணம் எப்படிக் கொடுத்தோம் என்பது பில்லில் இருக்காது. வங்கிக் கணக்கையும் ரொக்கப் புத்தகத்தையும் பில்லோடு சேர்த்துப் பார்க்காமல் இந்த 18,000 கண்ணில் படாது.

இனி தேதி. எல்லாவற்றிலும் அதிகம் தவறும் இடம் இதுதான்.

பில்லில் ஒரு தேதி மட்டும் இருப்பதில்லை. பில் தேதி, கொள்முதல் ஆணை தேதி, பணம் கட்டக் கடைசித் தேதி, சில பில்களில் இ-வே பில் தேதி என்று நான்கு வரை இருக்கும். இவற்றில் எதுவும் தேய்மானம் தொடங்கும் தேதி இல்லை. தரநிலையின்படி, நிர்வாகம் எண்ணியபடி ஓடக்கூடிய இடத்திலும் நிலையிலும் இயந்திரம் தயாராகும் நாளில் தேய்மானம் தொடங்குகிறது. வருமான வரிச் சட்டம் வேறொன்றைப் பார்க்கிறது: தொழிலுக்காக அதைப் பயன்படுத்தத் தொடங்கிய நாள். தயாராவதும் ஓட்டத் தொடங்குவதும் ஒரே நாளாக இருக்கலாம், சில வாரங்கள் தள்ளியும் இருக்கலாம்.

நம் லேத்தின் கதையைப் பார்ப்போம். செப்டம்பர் 20 பில் போட்டார்கள். 24 அன்று பட்டறைக்கு வந்தது. அடித்தளம் காயவும் மின் இணைப்பு இழுக்கவும் நாள் பிடித்தது. விற்ற நிறுவனத்தின் பொறியாளர் வந்து மட்டம் பார்த்து, சோதனையாக ஓட்டி, இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டில் இரு தரப்பும் கையெழுத்திட்டது அக்டோபர் 9. ஆர்டர் வேலை ஏறியது எப்போது? கணக்காளர் பட்டறைக்குப் போய் மேற்பார்வையாளரைக் கேட்கிறார்: "ஏனுங்ண்ணா, புது லேத்துல உருப்படி என்னைக்குங்க எடுத்தீங்க?" அவர் நினைவிலிருந்து சொல்கிறார்: "ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சு மாலை போட்டோம். லீவு முடிஞ்சு திங்கக்கெழமைதானுங்க ஓட்டினோம்." 2024இல் ஆயுத பூஜை அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. அப்படியானால் திங்கள் 14. நினைவு துப்புக் கொடுத்தது. ஆனால் வரி அதிகாரி கேட்டால் காட்ட வேண்டியது தாள். அந்த இயந்திரத்தின் பெயரில் எழுதிய முதல் ஜாப் கார்டில் அக்டோபர் 14 என்று இருக்கிறதா என்று பார்த்து, அதன் நகலை பில்லோடு சேர்த்துக் குத்திவைக்க வேண்டும்.

இனி கணக்கு. கம்பெனிக் கணக்கில் 25,00,000 விலை, 5 சதவீதம் எஞ்சு மதிப்பு, 15 ஆண்டு ஆயுள், நேர்கோட்டு முறை என்று கொள்வோம். அக்டோபர் 9 முதல் மார்ச் 31 வரை இரண்டு நாளையும் சேர்த்து 174 நாள். எக்ஸெல்லில் இப்படி எழுதலாம்:

```
=ROUND(2500000*0.95/15*(DATE(2025,3,31)-DATE(2024,10,9)+1)/365,0)
```

விடை 75,479 ரூபாய். பில் தேதியான செப்டம்பர் 20ஐப் போட்டிருந்தால் 193 நாளுக்கு 83,721 வந்திருக்கும். வித்தியாசம் எட்டாயிரத்துச் சொச்சம், பெரிதில்லை. அந்த `+1` ஐ விட்டுவிட்டால் தொடங்கிய நாள் கணக்கில் விழாது. ஒரு சொத்துக்கு அது சில நூறு ரூபாய்தான் என்றாலும், பதிவேடு முழுக்க அதே பிழை ஓடினால் ஆடிட்டர் கணக்கோடு ஒருபோதும் ஒத்துவராது.

வருமான வரியில் வித்தியாசம் சிறிதாக இருக்காது. அங்கே நாள் கணக்கு கிடையாது, 180 நாள் என்ற ஒரே கோடுதான். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதித் தேய்மானம், இல்லையென்றால் முழுத் தேய்மானம். 2024-25 நிதியாண்டில் அந்தக் கோடு அக்டோபர் 3இல் விழுகிறது. அன்றைக்கே ஓடத் தொடங்கியிருந்தால் மார்ச் 31 வரை சரியாக 180 நாள். 4ஆம் தேதி தொடங்கினால் 179. பிப்ரவரியில் 29 நாள் வரும் நிதியாண்டில் கோடு ஒருநாள் தள்ளி அக்டோபர் 4ஆகும். ஆகவே செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வாங்கிய சொத்துகளின் பில்களைத் தனியாக எடுத்துவைத்துப் பார்ப்பது நல்லது. தவறு பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும்.

நம் லேத்துக்கு வருமான வரித் தேய்மான விகிதம் 15 சதவீதம். 24,82,000க்கு முழுத் தேய்மானம் 3,72,300, பாதி 1,86,150. ஓடத் தொடங்கியது அக்டோபர் 14 என்பதால் நிறுவனத்துக்குக் கிடைப்பது பாதிதான். பில் தேதியை நம்பி முழுதும் கோரினால் 1,86,150 ரூபாய் வருமானம் குறைவாகக் காட்டியதாகும். 22 சதவீத அடிப்படை வரியைத் தேர்ந்தெடுத்த நிறுவனத்துக்கு சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து விகிதம் 25.168 சதவீதம். அதன்படி குறைந்த வரி சுமார் 46,850. வட்டி தனி. வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கான அபராதம் அந்த வரியில் பாதி. தவறான விவரம் தந்ததாக அதிகாரி முடிவுக்கு வந்தால் 200 சதவீதம். முதல் ஆண்டில் விட்ட பாதி அழிந்துபோவதில்லை, குறையாத மதிப்பாக நின்று அடுத்த ஆண்டுகளில் தேய்மானமாகக் கிடைக்கும். அப்படியிருக்க, ஓர் ஆண்டு முன்னதாகப் பெறுவதற்காக இந்த ஆபத்தை ஏற்பதில் எந்தப் பயனும் இல்லை.

சோதனை ஓட்டமும் பயன்பாடுதான் என்று சொன்ன நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. அந்த வாதத்தை எடுத்தாலும் நம் லேத்துக்கு அக்டோபர் 9தான், கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கிறது. இதே இயந்திரம் செப்டம்பர் 30இல் சோதனை ஓடி, அக்டோபர் 7இல் ஆர்டர் வேலை ஏறியிருந்தால் அந்த வாதம் பயன்பட்டிருக்கும். அப்போதும் கையெழுத்தும் தேதியும் உள்ள இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

ரிப்போர்ட் கிடைக்கவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நிறுவிக் கொடுத்ததற்கு 40,000 ரூபாய் கட்டியவருக்கு அதன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்க முழு உரிமை உண்டு. கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் கேட்டால் உடனே வரும். இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டால், வந்த பொறியாளர் வேலையை விட்டே போயிருப்பார். கொள்முதல் ஆணையிலேயே "கையெழுத்திட்ட இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட் கிடைத்த பின்பே இறுதித் தவணை" என்று ஒரு வரி எழுதிவிடலாம்.

பில் தேதி எதற்குமே பயன்படாது என்று நினைத்துவிட வேண்டாம். இந்த லேத்தை நாளைக்கு விற்றால் ஜி.எஸ்.டி.யில், எடுத்த இன்புட் கிரெடிட்டை ஐந்தாண்டுக் கணக்கில் காலத்துக்கேற்பக் குறைத்து மிஞ்சும் தொகை, விற்ற விலையின் மீதான வரி, இந்த இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். அந்தக் காலத்தை எண்ண பில் தேதி வேண்டும். ஆகவே பதிவேட்டில் மூன்று தேதிகளுக்கும் தனித்தனிப் பத்தி இருக்கட்டும்: பில் தேதி, தயாரான தேதி, ஓடத் தொடங்கிய தேதி. ஒவ்வொரு தேதிக்கும் எந்தத் தாள் ஆதாரம் என்று பக்கத்திலேயே ஒரு சொல் எழுதிவைக்க வேண்டும்.

ஆயுளுக்கு வருவோம். இரண்டாம் அட்டவணைப்படி, தனியாகக் குறிப்பிடாத பொது இயந்திரங்களுக்கு 15 ஆண்டு. மேசைக் கணினி, மடிக்கணினிக்கு 3, சர்வருக்கு 6, அலுவலக உபகரணங்களுக்கு 5, மேசை நாற்காலிகளுக்கு 10, நிறுவனத்தின் சொந்தக் காருக்கு 8, மோட்டார் சைக்கிளுக்கு 10. தனக்கு இந்த ஆயுள் பொருந்தாது என்று நிறுவனம் கருதினால் வேறு ஆயுளை எடுக்கலாம். அதற்குத் தொழில்நுட்ப ஆலோசனையின் ஆதாரம் வேண்டும், நிதியறிக்கையிலும் அதைச் சொல்ல வேண்டும். வருமான வரியில் தனித்தனி ஆயுளே கிடையாது. ஒரே விகிதமுள்ள சொத்துகளை ஒரு தொகுதியாகச் சேர்த்து, அந்தத் தொகுதிக்கு ஒரு சதவீதம் என்பதுதான் முறை. இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பி, கம்பெனிக் கணக்கில் வருமான வரி விகிதத்தைப் போடும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும்.

அட்டவணையில் பலர் படிக்காமல் விடும் வரி ஒன்று உண்டு. அந்த 15 ஆண்டு ஒரு ஷிப்ட் ஓட்டத்துக்கானது. ஆண்டில் எந்தக் காலத்தில் இரண்டு ஷிப்ட் ஓடியதோ அந்தக் காலத்துக்குத் தேய்மானம் ஒன்றரை மடங்கு, மூன்று ஷிப்ட் என்றால் இரண்டு மடங்கு. ஆர்டர் நெருக்கத்தில் கோவைப் பட்டறைகள் இரவு ஷிப்ட் ஓட்டுவது புதிதில்லை. இந்த விவரம் எந்தப் பில்லிலும் இருக்காது, சம்பளப் பதிவேட்டிலும் ஜாப் கார்டிலும் இருக்கும்.

அதேபோல் ஒரு சொத்தின் பகுதி ஒன்று விலையிலும் கனமாக, ஆயுளிலும் வேறாக இருந்தால் அதைத் தனி வரியாகப் பிரித்துத் தேய்மானம் போட வேண்டும். லேத்தோடு சேர்த்து வாங்கும் சர்வோ ஸ்டெபிலைசர் இதற்கு எளிய உதாரணம். அது பழுதானாலோ மாற்றினாலோ லேத் அப்படியே இருக்கும். அதன் பில் தனியாக வந்திருந்தால் தனி வரியில் ஏற்றுவதே சரி. எல்லாம் ஒரே பில்லில், ஒரே தொகையாக வந்திருந்தால் விற்றவரிடம் விலையைப் பிரித்து எழுதிக் கேளுங்கள், அல்லது அவருடைய விலைப்புள்ளியைத் தேடி எடுங்கள். அதில் பெரும்பாலும் பிரிந்தே இருக்கும்.

எண்ணிக்கையும் அப்படித்தான். 12 மடிக்கணினிகளுக்கு ஒரே பில் வந்தால் பதிவேட்டில் 12 வரி போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதன் வரிசை எண், யாரிடம் அல்லது எங்கே இருக்கிறது, ஒட்டிய அடையாள எண் இவை வேண்டும். ஏனென்றால் அவை கெட்டுப்போவதும் தொலைவதும் விற்பதும் ஒவ்வொன்றாகத்தான். ஒரே வரியில் போட்டுவிட்டு மூன்றை விற்கும் நாளில் எவற்றை விற்றோம் என்று யாராலும் சொல்ல முடியாது.

பில்களை எங்கே தேடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொத்துக் கணக்கில் பதிந்தவை தாமாகவே கிடைக்கும், பிரச்சினை பதியாதவற்றில்தான். ஜி.எஸ்.டி. தளத்தில் மாதாமாதம் கிடைக்கும் GSTR-2B அறிக்கையில், விற்றவர்கள் உங்கள் பெயரில் ஏற்றிய பில்கள் எல்லாம் எண், தேதி, தொகையோடு இருக்கும். அதிலிருந்து பெரிய தொகைகளையும் இயந்திரம் விற்கும் நிறுவனங்களையும் வடிகட்டி எடுத்து, அந்தப் பில்களின் எச்.எஸ்.என். எண்ணைப் பாருங்கள். 84, 85 எனத் தொடங்கினால் இயந்திரம், மின் சாதனம். 87 வாகனம். 94இல் மேசை நாற்காலிகள். லேத்துக்கு 8458, கணினிக்கு 8471. ஆனால் எண்ணை மட்டும் நம்பிவிட வேண்டாம். லேத்தின் உதிரிபாகங்கள் 8466, பேரிங்குகள் 8482, அவையும் அதே 84இல்தான் வருகின்றன. எண் வலையை வீசத்தான் உதவும். சொத்தா உதிரிபாகமா என்று பில்லின் விவர வரியைப் படித்தே முடிவு செய்ய வேண்டும்.

ஸ்கேன் செய்து தரவு எடுத்தால் மூன்று இடங்களில் கண் வையுங்கள். 05/10 என்ற தேதி அக்டோபர் 5 ஆகவும் விழலாம், மே 10 ஆகவும் விழலாம். நாம் முன்பு பார்த்த 180 நாள் கோட்டை அது தாண்டவைத்துவிடும். பில் எண்ணில் பூஜ்யமும் 'ஓ' எழுத்தும் இடம் மாறும், அப்புறம் GSTR-2Bஉடன் பொருந்தாது. மூன்றாவது, ப்ரொஃபார்மா இன்வாய்ஸும் வரி இன்வாய்ஸும் ஒரே கோப்பில் இருப்பதால் ஒரே லேத் இரண்டு முறை ஏறிவிடும். இயந்திரத்தின் வரிசை எண்ணைத் தனிப் பத்தியாக எடுத்து, ஒரே எண் இரண்டு முறை வருகிறதா என்று பார்த்தால் இது பிடிபடும். பெரிய விற்பனையாளர்களின் பில்லில் உள்ள கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் பில் எண், தேதி, மொத்தத் தொகை எல்லாம் அரசுத் தளத்தில் பதிந்தபடியே கிடைக்கும். எடுத்த தரவை அதோடு ஒப்பிடலாம். ஆனால் ஆறு வரிகளின் தனித்தனித் தொகை அதில் இருக்காது, அதற்குப் பில்லைத்தான் படிக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் பட்டறைக்குள் பதிவேட்டோடு ஒரு சுற்றுப் போங்கள். பதிவேட்டில் இருந்து தரையில் இல்லாததையும், தரையில் இருந்து பதிவேட்டில் இல்லாததையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தவறு ஏற்கெனவே நடந்துவிட்டதென்றால்? கம்பெனிக் கணக்கில் முந்தைய ஆண்டின் பிழையைக் கண்டுபிடித்த ஆண்டிலேயே, முந்தைய காலத்து உருப்படி என்று காட்டித் திருத்தலாம். ஆயுளை மாற்றுவது பிழைத்திருத்தம் ஆகாது, மதிப்பீட்டு மாற்றம். அதை இனிவரும் ஆண்டுகளுக்கு மட்டும் கணக்கிட வேண்டும். வருமான வரியில், தேய்மானத்தை அதிகம் கோரியிருந்தால் திருத்திய கணக்கோ, காலம் கடந்திருந்தால் கூடுதல் வரியோடு புதுப்பித்த கணக்கோ தாக்கல் செய்யலாம். குறைவாகக் கோரியிருந்தால் நிலைமை கடினம். புதுப்பித்த கணக்கில் வரியைக் குறைக்க முடியாது. திருத்திய கணக்குக்கும் கடைசி நாள் ஒன்று உண்டு. அந்த நாள் தவறிய பிறகு, கோராமல் விட்டோம், அடுத்த ஆண்டு சேர்த்து எடுத்துக்கொள்வோம் என்று இருக்கவும் வழியில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆவது பிரிவின்படி, கோரினாலும் கோராவிட்டாலும் அந்த ஆண்டின் தேய்மானம் கழிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும், மதிப்பும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். உரிமை கைநழுவிப் போவது இந்த இடத்தில்தான். பதிவேட்டில் லேத் ஏறாமலே விட்டால் நடப்பதும் இதுவே. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. பழைய ஆண்டுகளின் விவகாரத்துக்குப் பழைய சட்டத்தின் எண்களையே குறிப்பிட வேண்டும்.

விற்றவர் பில்லைத் தளத்தில் ஏற்றாமல் விட்டிருந்தால் GSTR-2Bஇல் அது வராது, கிரெடிட்டும் கிடைக்காது. 2024-25ஆம் ஆண்டுப் பில்களுக்குக் கிரெடிட் எடுக்கும் காலம் பொதுவாக 2025 நவம்பர் 30உடன் முடிந்தது, ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்திருந்தால் அன்றோடே. லட்சக்கணக்கில் வரி உள்ள இயந்திரப் பில் என்றால் வாங்கிய அடுத்த மாதமே 2Bஇல் பார்த்துவிட்டு, இல்லையென்றால் விற்றவருக்கு எழுத்துமூலம் கேளுங்கள். கிரெடிட் கடைசிவரை கிடைக்காமல் போனால், அந்த வரியை லேத்தின் விலையில் சேர்ப்பதா என்று ஆடிட்டரிடம் கேட்டு, எடுத்த முடிவைப் பதிவேட்டிலேயே குறித்துவையுங்கள்.

கடைசியாக, பில்லை எத்தனை காலம் வைத்திருப்பது. கம்பெனிகள் சட்டம் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைக்கச் சொல்கிறது. ஜி.எஸ்.டி. சட்டம் அந்த ஆண்டின் ஆண்டுக் கணக்குக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் என்கிறது. லேத்தின் ஆயுளோ 15 ஆண்டு. 8 ஆண்டு முடிந்ததென்று பழைய கோப்புகளைக் கழித்துக்கட்டும்போது, இன்னும் 7 ஆண்டு தேய்மானம் பாக்கியுள்ள இயந்திரத்தின் ஒரே ஆதாரமும் சேர்ந்து போய்விடும். ஆகவே சொத்துப் பில்களை ஆண்டுவாரிக் கோப்பில் வைக்காமல் சொத்துவாரிக் கோப்பில் வையுங்கள். ஒரு லேத்துக்கு ஓர் உறை. அதில் பில், லாரி பில், கிரேன் பில், அடித்தளக் கணக்கு, பணம் கொடுத்த ஆதாரம், இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட், முதல் ஜாப் கார்டின் நகல். உறையின் மேல் பதிவேட்டில் உள்ள அதே அடையாள எண். தெர்மல் தாளில் அச்சான ரசீதுகள் சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடும், அவற்றை அன்றே நகலெடுத்துச் சேர்த்துவிடுங்கள். லேத்தை விற்று, அந்த ஆண்டின் வரி மதிப்பீடு முடிந்து, சட்டம் சொல்லும் காலமும் கடக்கும்வரை அந்த உறை அங்கேயே இருக்க வேண்டும்.